கொழும்பு மேல் நீதிமன்றத்தில் முதல்முறை சாட்சி சொல்லப் போகிறவருக்கு

கேள்வி: கொட்டாஞ்சேனையில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என் கடை வாசலில் ஒரு அம்மாவிடம் கத்தியைக் காட்டிச் சங்கிலி பறித்தார்கள். நான் பார்த்தேன். பொலிஸில் தமிழில் சொன்னேன், அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள், கையெழுத்துப் போட்டேன். இப்போது மேல் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி அழைப்பாணை வந்திருக்கிறது. கோர்ட் வாசலே மிதித்ததில்லை. முதலில் இருந்து தீர்ப்பு வரை என்ன நடக்கும்? அன்றைக்குச் சொன்னதும் இப்போது சொல்வதும் மாறிவிட்டால் என்னை உள்ளே போடுவார்களா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தோடு மீதியை வாசித்தால் எதுவும் மனதில் நிற்காது. நினைவு பிசகியதற்காக யாரையும் உள்ளே போடுவதில்லை. தண்டனைச் சட்டக்கோவையில் பொய்ச் சாட்சியம் ஒரு குற்றம்தான், நீதிமன்ற வழக்கில் அதைச் செய்தால் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால், தான் சொல்வது பொய் என்று தெரிந்தோ, உண்மை என்று நம்பாமலோ சொல்வதுதான் பொய்ச் சாட்சியம். சட்டை நீலமா கறுப்பா என்று மூன்று வருடத்துக்குப் பிறகு தடுமாறுவது அதில் சேராது. புதுக்கடையில் இருபது வருடத்துக்கு மேல் குற்ற வழக்குகளில் நிற்கிறேன். முதலில் வழக்குத்தொடுநர் பக்கம் சில ஆண்டுகள், பிறகு எதிரிகளுக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக. உங்களைப் போன்ற சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ததே என் வேலையில் பெரும்பகுதி. அந்த இடத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் கைக்கு அழைப்பாணை வருவதற்கு முன்னாலேயே வழக்கு பாதி தூரம் வந்துவிட்டது. சம்பவம் நடந்த பிறகு பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் சம்பவத்தை அறிவிக்கும் பீ அறிக்கை போட்டு, பிடிபட்டவரைச் சந்தேகநபராக நிறுத்தியிருப்பார்கள். அவர் விளக்கமறியலில் இருந்திருக்கலாம், பிறகு பிணையில் போயிருக்கலாம். விசாரணைக் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், அங்கே ஒரு சட்டவாதி வாசித்து, வழக்குத் தொடரப் போதுமான சான்று உண்டு என்று முடிவெடுத்து, குற்றச்சாட்டை எழுதிய குற்றப்பகர்வுப் பத்திரம் தயாரித்து மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பியிருப்பார். மூன்று வருடம் போனது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்தப் பத்திரத்தின் கடைசியில் சாட்சிகளின் பட்டியல் இருக்கும். அதில் ஒரு இலக்கத்துக்கு நேரே உங்கள் பெயர் இருப்பதால்தான் உங்களுக்கு அழைப்பாணை வந்தது.

மேல் நீதிமன்றத்தில் அந்தப் பத்திரத்தை எதிரியின் கையில் கொடுப்பார்கள், கைரேகை எடுப்பார்கள். சில வகைக் குற்றங்களில் யூரி வேண்டுமா என்றும் கேட்பார்கள். யூரி என்றால் ஏழு பேர், அதில் குறைந்தது ஐந்து பேர் ஒரு பக்கம் நின்றால்தான் தீர்ப்பு. நடைமுறையில் பெரும்பாலான வழக்குகள் யூரி இல்லாமல் நீதிபதி ஒருவர் முன்னால்தான் நடக்கின்றன, உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குற்றச்சாட்டை எதிரிக்கு வாசித்துக் காட்டி, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால் உங்களுக்கு வேலையில்லை. சுற்றவாளி என்று சொன்னதால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். சில வேளை சாட்சிகள் வந்து வெளியே உட்கார்ந்திருப்பதைக் கண்ட பிறகு, விசாரணைக்குக் குறித்த அன்று காலையிலேயே எதிரி மனம் மாறி ஒப்புக்கொள்வதும் உண்டு. அப்படி நடந்தால், அன்று நீங்கள் வாய் திறக்காமலே திரும்பினாலும் உங்கள் வருகை வீண்போகவில்லை.

அழைப்பாணையையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரத்துக்குப் போங்கள். அதில் வழக்கு இலக்கமும் எந்த நீதிமன்றம் என்பதும் இருக்கும். கொழும்பில் மேல் நீதிமன்றங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு, கட்டடத்தில் வழிதவறுவது சுலபம். உங்கள் வழக்கை விசாரித்த பொலிஸ் நிலையத்து உத்தியோகத்தர் அன்று அங்கே இருப்பார், அவரிடம் வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அழைப்பாணை கிடைத்தும் காரணம் சொல்லாமல் வராத சாட்சிக்கு நீதிபதி பிடியாணை பிறப்பிக்கலாம். உடம்பு முடியாவிட்டால் வைத்தியச் சான்றிதழோடு யாரையாவது அனுப்புங்கள், அல்லது பொலிஸ் நிலையத்துக்கு முதல் நாளே அறிவியுங்கள்.

இன்னொன்றுக்கும் தயாராகப் போங்கள். அன்றே உங்கள் சாட்சியம் எடுக்கப்படும் என்று சொல்ல முடியாது. முன்னால் வேறொரு வழக்கு நீளலாம், எதிரியின் சட்டத்தரணி வராமல் போகலாம், வேறொரு சாட்சி வராமல் போகலாம். அப்போது தவணை போட்டு, அடுத்த திகதிக்கு வரும்படி நீதிபதி உங்களுக்கு நேரடியாகச் சொல்வார். அப்படிச் சொன்ன பிறகு புதிதாகக் கடிதம் வரும் என்று காத்திருக்கக் கூடாது. திகதியை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். நீதிபதி இடமாற்றம் ஆகிப் புதியவர் வந்தால், ஏற்கனவே சாட்சியம் சொன்னவரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு வரும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது எனக்குத் தெரியும்.

சாட்சியம் தொடங்கும் முன் வழக்கை நடத்தும் அரச சட்டவாதி உங்களைச் சந்தித்துப் பேசுவது வழக்கம். அதில் தவறில்லை. இந்தச் சில நிமிடத்தை வீணாக்காதீர்கள். அவரிடம் நீங்கள் கட்டாயம் சொல்லவேண்டியது, உங்கள் வாக்குமூலத்தை நீங்கள் தமிழில் சொன்னீர்கள், எழுதியவர் சிங்களத்தில் எழுதினார் என்பதை. யார் மொழிபெயர்த்தார்கள், எழுதி முடிந்ததும் தமிழில் திருப்பிச் சொன்னார்களா இல்லையா என்பது நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, வாக்குமூலம் எழுதப்பட்ட மொழி சொன்னவருக்கு விளங்காவிட்டால் அவருக்கு விளங்கும் மொழியில் அதை விளக்கவேண்டும், அவர் அதில் திருத்தவும் சேர்க்கவும் விடவேண்டும் என்கிறது. பொலிஸ் நிலையத்தில் ஆட்கள் வந்து போகும் அவசரத்தில் இது எப்போதும் ஒழுங்காக நடப்பதில்லை. நடந்ததா இல்லையா என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். தமிழில் திருப்பிச் சொன்னது நினைவிருக்கும்போது, சொல்லவேயில்லை என்று சொல்லிவிடாதீர்கள். அது பிறகு உங்களைத்தான் சுடும்.

கூப்பிடும்வரை நீதிமன்ற அறைக்கு வெளியே இருக்கவேண்டும். உங்களுக்கு முன்னால் அந்த அம்மா சாட்சியம் சொல்லிக்கொண்டிருக்கலாம், அவர் சொல்வதை நீங்கள் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அவர் வெளியே வந்ததும் உள்ளே என்ன கேட்டார்கள் என்று விசாரிக்காதீர்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உங்களிடம் முதலில் கேட்கும் கேள்வியே சில வேளை, வெளியே அவரோடு பேசினீர்களா என்பதாக இருக்கும்.

உங்கள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதும் சாட்சிக்கூண்டில் ஏறுவீர்கள். கிறிஸ்தவர் என்றால் சத்தியம், இந்து என்றால் உறுதியுரை. இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே எடைதான். பக்கத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் நிற்பார், முதலியார் என்று கூப்பிடுவார்கள். கொழும்பில் நீதிமன்ற நடவடிக்கை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும், உங்கள் சாட்சியமும் சிங்களத்தில்தான் பதிவாகும். நீங்கள் தமிழில் சொல்வதை அவர் சிங்களத்தில் சொல்ல, அது பதிவாகும். அதாவது அந்தப் பதிவில் இருக்கப்போவது அவர் வாயில் இருந்து வந்த வசனம். அதனால் நீளமாகப் பேசிக்கொண்டே போகாமல், இரண்டு வசனம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் முடிக்கட்டும், பிறகு தொடருங்கள்.

கொட்டாஞ்சேனையில் கடை நடத்துகிற உங்களுக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும் என்று நினைக்கிறேன். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. சட்டத்தரணி சிங்களத்தில் கேட்பது உங்கள் காதில் விழும், பாதி விளங்கும், மொழிபெயர்ப்பு வருமுன்னே நீங்கள் தலையாட்டிவிடுவீர்கள் அல்லது "ஓம்" என்றுவிடுவீர்கள். பாதி கேள்விக்குச் சொன்ன அந்த "ஓம்" முழுக் கேள்விக்கும் சொன்ன பதிலாகப் பதிவாகும். எந்த மொழியில் சொல்கிறீர்களோ அந்த ஒன்றிலேயே கடைசிவரை நில்லுங்கள். கேள்வி தமிழில் வந்த பிறகே பதில் சொல்லுங்கள். முதலியார் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று உங்களுக்குத் தெரிந்தால், உடனே நீதிபதியைப் பார்த்து, நான் சொன்னது அதுவல்ல ஐயா என்று சொல்லலாம். அதைச் சொல்ல வெட்கப்படவேண்டாம். முதலியார்மார் கோபிக்கமாட்டார்கள், அவர்களுக்கும் பிழையில்லாத பதிவுதான் வேண்டும்.

முதலில் கேட்பவர் அரச சட்டவாதி. அவர் பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்க முடியாது. "அன்று எதிரி கத்தியோடு வந்தாரா?" என்று அவர் கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபிக்கும். "அன்று என்ன கண்டீர்கள்?" என்றுதான் கேட்பார். ஆகவே கதையைச் சொல்லவேண்டியவர் நீங்கள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சொல்லுங்கள். பக்கத்துக் கடைக்காரர் பிறகு வந்து சொன்னதை, தெருவில் பேசிக்கொண்டதை இதோடு கலக்காதீர்கள். உதாரணமாக, கத்தி அந்த அம்மாவின் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்ததைக் கண்டேன் என்பது உங்கள் சாட்சியம். அவன் அவரைக் கொல்லப் பார்த்தான் என்பது உங்கள் முடிவு. முடிவு எடுப்பதை நீதிபதியிடம் விட்டுவிடுங்கள். தூரம், வெளிச்சம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். எத்தனை அடி என்று சொல்லத் தெரியாவிட்டால் நீதிமன்றத்துக்குள்ளேயே காட்டுங்கள், "இங்கேயிருந்து அந்தக் கதவு வரை" என்று. அது நல்ல பதில், நீதிபதி அந்தத் தூரத்தை மதிப்பிட்டுப் பதிவு செய்துகொள்வார்.

பிறகு, அந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்று கேட்பார்கள். சம்பவத்துக்குப் பிறகு நீதவான் முன்னால் அடையாள அணிவகுப்பு நடந்து, வரிசையில் நின்ற பலரில் நீங்கள் அவரைத் தொட்டுக் காட்டியிருந்தால், இன்று கூண்டில் நிற்பவரைக் காட்டுவதற்குப் பலம் உண்டு. அணிவகுப்பு நடக்கவில்லை, முன்பின் தெரியாத ஆள், முதன்முதலாகக் கூண்டில் நிற்பவரைச் சுட்டுகிறீர்கள் என்றால் அதற்குப் பலம் குறைவு, ஏனென்றால் எதிரிக் கூண்டில் நிற்பவரை யாரும் காட்டலாம். நிச்சயமில்லை என்றால் நிச்சயமில்லை என்றே சொல்லுங்கள். வழக்கு கெட்டுவிடுமே என்று ஒருவரைக் காட்டிவிடுவது, செய்யாத ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடும்.

அடுத்தது குறுக்கு விசாரணை. எதிரியின் சட்டத்தரணி கேட்பார், இவர் பதிலைக் கேள்விக்குள் வைத்தே கேட்கலாம். உங்கள் பொலிஸ் வாக்குமூலத்தின் பிரதி அவர் கையில் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் சொன்னதை நீங்கள் மறந்திருப்பீர்கள், அவர் நேற்று இரவுதான் வாசித்திருப்பார். நடுநடுவே நீதிபதியும் எப்போது வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

இங்கே என்ன நடக்கிறது என்பதை, நான் எதிரிக்காக நின்ற ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அதுவும் வழிப்பறிதான். சாட்சி ஒரு தமிழ் அம்மா, மாடிப் படிக்கட்டில் நின்று பார்த்தவர். எதிரியை அதற்கு முன் கண்டதேயில்லை என்று கூண்டில் சொன்னார். என் கையிலிருந்த சிங்கள வாக்குமூலத்தில், அந்த ஆளை நன்றாக அறிவேன் என்று இருந்தது. அந்த வரியை நான் அவருக்கு வாசித்துக் காட்டச் செய்து, பொலிஸாரிடம் இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றார். அந்த வரியை வி1 என்று அடையாளமிடும்படி கேட்டேன், நீதிபதி அனுமதித்தார். முரண்பாடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அவர் முகம் வெளிறிவிட்டது. பொய்க்காரி என்று தீர்மானித்துவிட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

ஆனால் வி1 என்று ஒரு வரிக்கு அடையாளமிட்டால், சாட்சி சொன்னது பொய் என்று யாரும் தீர்மானித்துவிட்டதாக ஆகாது. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது என்பது மட்டும் குறிக்கப்படுகிறது. அதையும் அந்த வாக்குமூலத்தை எழுதிய உத்தியோகத்தர் பிறகு கூண்டில் ஏறி, பொலிஸ் தகவற் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று சொன்னால்தான் முரண்பாடு நிரூபிக்கப்பட்டதாகும். நான் உட்கார்ந்ததும் அரச சட்டவாதி, தன் சாட்சியிடம் திரும்பவும் கேட்கும் மீள்விசாரணைக்கு எழுந்தார். மூன்றே கேள்வி கேட்டார். எந்த மொழியில் சொன்னீர்கள்? தமிழில். அன்று சொன்ன வார்த்தை என்ன? "எனக்கு ஆள் நல்லாத் தெரிஞ்சது." திருப்பித் தமிழில் சொல்லிக் காட்டினார்களா? இல்லை. தமிழில் "ஆள் தெரிந்தது" என்றால் முகம் கண்ணுக்குத் தெளிவாகப் பட்டது என்று அர்த்தம். "ஆளைத் தெரியும்" என்றால் பழக்கமான ஆள். எழுதியவர் ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டார். பிறகு அந்த உத்தியோகத்தர் சாட்சியம் சொன்னபோது, தனக்குத் தமிழ் பேச்சளவில்தான் தெரியும் என்றும், மொழிபெயர்க்க வேறு யாரையும் கூப்பிடவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். தீர்ப்பில் நீதிபதி அந்த முரண்பாட்டைப் பொருட்படுத்தவில்லை. என் கட்சிக்காரர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அந்த அம்மா கூண்டில் பயந்துபோய், "சொல்லியிருப்பேன், மறந்துவிட்டது" என்று எனக்கு இணங்கியிருந்தால் மீள்விசாரணையில் கேட்க எதுவும் மிஞ்சியிருக்காது. ஆளை முன்பே தெரியும் என்றால் அவர் பெயரை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்பதுதான் என் அடுத்த கேள்வியாக இருந்திருக்கும், அதற்கு அவரிடம் பதில் இருந்திருக்காது.

ஆகவே அப்படி ஒரு வரி உங்கள் முன்னால் வந்தால், சொன்னது நினைவிருந்தால் சொன்னேன் என்றும், நிச்சயமாகச் சொல்லவில்லை என்றால் சொல்லவில்லை என்றும், நினைவில்லை என்றால் நினைவில்லை என்றும் சொல்லுங்கள். எழுதியது சிங்களத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். வாக்குமூலத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று இன்றைய நினைவை வளைக்காதீர்கள். வாக்குமூலத்தில் இல்லாததை இப்போது சொன்னால் அதுவும் கேள்வியாகும், விடுபாடு என்பார்கள். "கத்தி இருந்தது என்று பொலிஸில் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டால், சொன்னேன் அவர்கள் எழுதவில்லை என்பதும், கேட்கவில்லை அதனால் சொல்லவில்லை என்பதும், அப்போது மறந்துவிட்டேன் என்பதும் வெவ்வேறு பதில்கள். எது உண்மையோ அதைச் சொல்லுங்கள்.

நீதிபதி எல்லா முரண்பாட்டையும் ஒரே தராசில் போடுவதில்லை. சட்டை நிறம், நேரம் ஐந்து நிமிடம் முந்திப் பிந்தியது, எந்தக் கையால் பறித்தான் என்பவை சில்லறை. ஆள் யார், நீங்கள் அங்கே நின்றீர்களா, கண்ணால் பார்த்தீர்களா என்பவை வழக்கின் வேர். வேரைத் தொடும் முரண்பாடு இருந்தால் உங்கள் சாட்சியம் விழும். சாட்சி ஒருவரின் நினைவு படம்பிடித்து வைத்ததுபோல் இருக்கும் என்று எதிர்பார்க்கமுடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1983இல் ஒரு குஜராத் வழக்கில் விரிவாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பை நம் நாட்டு நீதிமன்றங்களிலும் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். என் அனுபவத்தில், மூன்று வருடத்துக்குப் பிறகு எல்லா விவரத்தையும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் ஒப்பிக்கும் சாட்சியைத்தான் நீதிபதிகள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

குறுக்கு விசாரணையின் கடைசியில் இன்னொன்று நடக்கும், அதைத் தெரிந்துகொண்டு போனால் மனம் புண்படாது. சட்டத்தரணி உங்களைப் பார்த்து, "நீங்கள் அங்கே இருக்கவேயில்லை, பொலிஸாருக்கு உதவப் பொய் சொல்கிறீர்கள் என்று நான் பிரேரிக்கிறேன்" என்பார். தன் கட்சிக்காரரின் நிலைப்பாட்டைச் சாட்சியிடம் நேரே வைக்கவேண்டும் என்பது எங்களுக்குள்ள கடமை. வைக்காவிட்டால், அந்தச் சாட்சி சொன்னதை நாங்கள் மறுக்கவில்லை என்று நீதிபதி எடுத்துக்கொள்ளலாம். நானும் நூற்றுக்கணக்கான பேரிடம் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கிறேன், அவர்களில் பலர் உண்மை பேசுகிறவர்கள் என்பது தெரிந்தும். அதற்கு "இல்லை, நான் கண்டேன்" என்ற ஒரு வரி போதும். வாதாடவேண்டாம், எதிர்க்கேள்வி கேட்கவேண்டாம். கேள்வி கேவலமானதாகவோ, அவமானப்படுத்துவதற்கென்றே கேட்டதாகவோ இருந்தால் அதைத் தடுக்க நீதிபதிக்குச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் அதிகாரம் உண்டு.

மீள்விசாரணை முடிந்ததும் உங்கள் வேலை முடிந்தது. மீதி நீங்கள் இல்லாமல் நடக்கும். சட்ட வைத்திய அதிகாரி, பொலிஸ் உத்தியோகத்தர்கள் என்று மற்றச் சாட்சிகள் வருவார்கள், கத்தியோ சங்கிலியோ கைப்பற்றப்பட்டிருந்தால் அவற்றை அடையாளமிடுவார்கள். வழக்குத்தொடுநர் தன் பக்கத்தை முடித்ததும் நீதிபதி ஒரு கணம் நின்று பார்ப்பார். எதிரி குற்றம் செய்தார் என்பதற்குச் சான்றே இல்லையென்றால் எதிரியிடம் எதுவும் கேட்காமலே விடுதலை செய்யலாம். சான்று உண்டென்றால் எதிரியின் பக்கத்தைக் கேட்பார். எதிரிக்கு மூன்று வழி உண்டு: பேசாமல் இருக்கலாம், உங்களைப்போலக் கூண்டில் ஏறி உறுதியுரை எடுத்துச் சாட்சியம் சொல்லிக் குறுக்கு விசாரணைக்கு முகம் கொடுக்கலாம், அல்லது எதிரிக் கூண்டில் நின்றபடியே ஒரு கூற்றுச் சொல்லலாம். அந்தக் கூற்றை யாரும் குறுக்கு விசாரணை செய்யமுடியாது, அதனால் அதற்கு எடையும் குறைவு. எதிரி தன் சாட்சிகளையும் அழைக்கலாம். பிறகு இரண்டு தரப்பும் தொகுப்புரை வைக்கும்.

விசாரணை முடிந்த உடனேயோ பத்து நாட்களுக்குள்ளோ காரணங்களோடு தீர்ப்பைப் பதியவேண்டும் என்கிறது சட்டக்கோவையின் 203ஆம் பிரிவு. நடைமுறையில் அதைவிட நீளுவது உண்டு, அதனால் மட்டும் தீர்ப்புச் செல்லாமல் போவதில்லை. தீர்ப்பில் நீதிபதி ஒவ்வொரு சாட்சியையும் எடுத்து, எதை நம்பினேன், எதை நம்பவில்லை, ஏன் என்று எழுதுவார். எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதில்லை. ஒருவர் சொன்னதே நம்பத்தக்கதாக இருந்தால் அது போதும். ஆனால் நியாயமான சந்தேகம் ஒன்று மிஞ்சினால் அது எதிரிக்குத்தான் சாதகம். ஆகவே எதிரி விடுதலையானால் நீங்கள் பொய் சொன்னதாகத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களை முழுதாக நம்பிக்கொண்டே, கைது செய்ததிலோ அடையாள அணிவகுப்பிலோ உள்ள குறைக்காக நீதிபதி அவரை விடுவித்திருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. இடையில் யாராவது கடைக்கு வந்து, "அண்ணை, பார்த்துச் சொல்லுங்கோ" என்று நயமாகச் சொன்னாலும் சரி, மிரட்டினாலும் சரி, பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டு, நாளையும் நேரத்தையும் குறித்து வைத்து, பொலிஸ் நிலையத்திலும் அரச சட்டவாதியிடமும் சொல்லுங்கள். சாட்சியை மிரட்டுவது தனியான குற்றம். சாட்சிகளுக்கு உதவியும் பாதுகாப்பும் தருவதற்கென்றே 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. அதன்கீழ் தேசிய அதிகாரசபை ஒன்றும் உண்டு, நீங்கள் நேரடியாகவே அங்கே முறையிடலாம். நீதிமன்ற வளாகத்துக்குள் அப்படி நடந்தால் கூண்டில் ஏறியதும் நீதிபதியிடமே சொல்லலாம்.

தீர்ப்பு நாளில் நீங்கள் போகவேண்டியதில்லை, விரும்பினால் போய்ப் பின் வரிசையில் உட்காரலாம், அது திறந்த நீதிமன்றம். போகாவிட்டால் வழக்கு இலக்கத்தைச் சொல்லி, விசாரித்த பொலிஸ் நிலையத்திலோ நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்காகவாவது அழைப்பாணையைத் தூக்கிப் போடாமல் கடையில் பத்திரமாக வைத்திருங்கள்.